தங்க நானோ துகள்: நிறத்தை மாற்றுவது அளவா, வடிவமா, நெருக்கமா?

கேள்வி: தங்கம் மஞ்சள்தானே, நானோ துகளாக்கித் தண்ணீரில் வைத்தால் ஏன் சிவப்பு? அளவும் வடிவமும் மாறினால் நிறம் மாறும், அதற்கு மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வுதான் காரணம் என்கிறார்கள். அது என்ன? நான் சிட்ரேட் முறையில் செய்த கரைசல் நல்ல சிவப்பாக இருந்தது. பாஸ்பேட் பஃபர் கொஞ்சம் சேர்த்து வைத்தேன், மறுநாள் பார்த்தால் நீலம். துகள்கள் பெரிதாகிவிட்டனவா?

பதில்:

கடைசியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் துகள்கள் பெரிதாகவில்லை. அநேகமாக அதே அளவில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிட்டன. "அளவு கூடினால் சிவப்பு நீலமாகும்" என்ற வாசகம் பாடக் குறிப்புகளில் அடிக்கடி வருவதால் நீங்கள் அப்படி நினைத்ததில் தவறில்லை. ஆனால் தங்கத்தைப் பொறுத்தவரை அந்த வாசகம் பாதி உண்மைதான். அளவு நிறத்தைக் கொஞ்சம்தான் நகர்த்தும். வடிவமும், துகள்கள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதும்தான் அதை நன்றாக நகர்த்துபவை. ஏன் என்று புரிந்துகொள்ள முதலில் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சிட்ரேட் முறையில் வழக்கமாகக் கிடைக்கும் 13 நானோமீட்டர் உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஏறக்குறைய 68,000 தங்க அணுக்கள் இருக்கும். ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. எந்த அணுவுக்கும் சொந்தமில்லாத அந்த 68,000 எலக்ட்ரான்களும் உருண்டைக்குள் ஒரு திரவம்போல நிரம்பியிருக்கின்றன. அதன்மேல் ஒளி படுகிறது. பச்சை ஒளியின் அலைநீளம் 520 நானோமீட்டர், துகளைவிட 40 மடங்கு நீளம். அதனால் துகளின் ஒரு முனையிலும் மறுமுனையிலும் ஒளியின் மின்புலம் ஒரே நேரத்தில் ஒரே திசையைத்தான் காட்டுகிறது. மொத்த எலக்ட்ரான் கூட்டமும் சேர்ந்து ஒரு பக்கம் சாய்கிறது.

சாய்ந்ததும் என்ன ஆகும்? ஒரு பக்கப் பரப்பில் எலக்ட்ரான்கள் மிகையாகின்றன, அங்கே எதிர்மின்னேற்றம். எதிர்ப்பக்கத்தில் எலக்ட்ரான் போதாமல் நேர்மின்னேற்றம். இந்த இரண்டும் சேர்ந்து கூட்டத்தைத் திரும்ப இழுக்கின்றன. அது திரும்பி வந்து, வேகத்தில் மறுபக்கம் தாண்டி, மீண்டும் இழுபடுகிறது. தட்டில் தண்ணீரை வைத்து லேசாக ஆட்டினால் அது இப்படியும் அப்படியும் தளும்புமே, அதேதான். இழுக்கும் மின்னேற்றம் பரப்பில் உட்கார்ந்திருப்பதால் 'மேற்பரப்பு' என்கிறோம். கூட்டமாக எலக்ட்ரான்கள் அலைவதற்குப் பெயர் 'பிளாஸ்மான்'. தட்டை அதன் இயல்பான தாளத்தில் ஆட்டினால்தான் தண்ணீர் வழியும் அளவுக்குத் தளும்பும். அதுபோல எலக்ட்ரான் கூட்டத்தின் சொந்தத் தாளத்தோடு ஒளியின் அதிர்வெண் ஒத்துப்போகும்போது அலைவு பெரிதாகிறது, அதுதான் 'ஒத்ததிர்வு'. தண்ணீரில் உள்ள சிறு தங்க உருண்டைக்கு அந்தத் தாளம் பச்சை ஒளியில், 520 நானோமீட்டர் அருகே விழுகிறது. அலைவு சில சுற்றுகளிலேயே அடங்கி, ஒளியின் ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால், துகள் பச்சையை விழுங்குகிறது.

பச்சை போனால் மிச்சம் சிவப்பும் நீலமும்தானே, கலந்து மெஜந்தாவாக அல்லவா தெரிய வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நீலத்தையும் தங்கம் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. அதற்குப் பிளாஸ்மான் காரணமில்லை. அணுவோடு இறுக்கமாக இருக்கும் உள் எலக்ட்ரான்கள் நீல ஒளியை வாங்கி மேலே தாவுகின்றன. கட்டித் தங்கம் மஞ்சளாகத் தெரிவதும் இதனால்தான்: நீலம் உறிஞ்சப்பட்டு மற்றவை திரும்பி வருகின்றன. நானோ துகளில் அந்தப் பழைய நீல இழப்பும் புதிய பச்சை இழப்பும் சேர்கின்றன, சிவப்பு மட்டும் தப்பித்துக் கண்ணுக்கு வருகிறது. இந்த உறிஞ்சல் அசாத்தியமான வலு கொண்டது. நல்ல சாய மூலக்கூறு ஒன்றைவிட ஒரு 13 நானோமீட்டர் துகள் ஆயிரம் மடங்குக்கும் மேல் ஒளியை மறைக்கும். அதனால்தான் அவ்வளவு நீர்த்த கரைசலும் அடர்சிவப்பாக இருக்கிறது.

சரி, இப்போது அளவு. தட்டை உதாரணமாகச் சொன்னேன், ஆனால் அது ஓர் இடத்தில் ஏமாற்றும். தட்டு பெரிதானால் தண்ணீர் மெதுவாகத் தளும்பும். தங்க உருண்டை பெரிதானாலும் அப்படித்தானே ஆக வேண்டும்? இல்லை. உருண்டையின் ஆரத்தை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள். எலக்ட்ரான் கூட்டம் அதே தூரம் சாய்ந்தால், பரப்பு நான்கு மடங்கு என்பதால் சேரும் மின்னேற்றமும் நான்கு மடங்கு. ஆனால் அந்த மின்னேற்றம் இப்போது இரண்டு மடங்கு தொலைவில் இருக்கிறது, மின்புலமோ தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். நான்கைப் பெருக்கி நான்கால் வகுத்தாயிற்று. ஆக, ஒவ்வோர் எலக்ட்ரானும் உணரும் இழுவிசை மாறவே இல்லை. இழுவிசை மாறாவிட்டால் தாளமும் மாறாது. 10 நானோமீட்டர் உருண்டையும் 20 நானோமீட்டர் உருண்டையும் ஏறக்குறைய ஒரே சிவப்பாக இருப்பது இதனால்தான். இரண்டு குவெட்டுகளை அருகருகே வைத்து, எது எது என்று கண்ணால் சொல்லச் சொன்னால் நான் தோற்றுப்போவேன்.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். குறைக்கடத்திக் குவாண்டம் புள்ளிகளில் அளவு ஒரு நானோமீட்டர் மாறினாலே நிறம் தாவும். அது எலக்ட்ரானைச் சிறு இடத்தில் அடைப்பதால் வரும் குவாண்டம் விளைவு. தங்கத்தின் சிவப்புக்கு அந்த விளக்கத்தை எழுதிவிடுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. தங்கத்தில் நடப்பது மேலே சொன்ன பழைய மின்னியல்தான். குஸ்தாவ் மீ 1908-இல், குவாண்டம் இயக்கவியல் உருவாவதற்கு முன்பே, மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை மட்டும் வைத்து இந்த நிறங்களைக் கணக்கிட்டுவிட்டார். துகள் 2 நானோமீட்டருக்கும் கீழே போனால் மட்டும் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலைய முடியாமல் பிளாஸ்மான் மறைந்துவிடும், சிவப்பும் போய்விடும்.

அப்படியானால் பெரிய துகள்கள் ஊதாவாகத் தெரிவது பொய்யா என்றால், அதுவும் இல்லை. நான் போட்ட கணக்கு, துகள் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே மின்புலத்தை உணர்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 100 நானோமீட்டர் துகளில் அது உடைகிறது. தண்ணீருக்குள் ஒளியின் அலைநீளம் நாலில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தால், துகளின் அகலம் அலையில் கால்வாசியை எட்டிவிடுகிறது. ஒரு முனையில் அலை உச்சத்தில் இருக்கும்போது மறுமுனையில் இறங்கிக்கொண்டிருக்கும். எலக்ட்ரான்கள் ஒரே அணியாக நகராமல் பின்தங்குகின்றன, தாளம் மெதுவாகிறது. ஒளி அதிகம் விழுங்கப்படும் அலைநீளம், அதாவது உறிஞ்சல் உச்சம், 570 நானோமீட்டர் பக்கம் நகர்ந்து அகலமாகிறது. மஞ்சளும் விழுங்கப்படுவதால் கரைசல் ஊதா சாயலுக்குப் போகிறது.

இன்னொன்றும் நடக்கும். உறிஞ்சல் துகளின் கன அளவுக்கு ஏற்பக் கூடும், ஆனால் ஒளியைச் சிதறடிப்பது கன அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். அதனால் சிறு துகள்கள் ஏறக்குறைய உறிஞ்ச மட்டுமே செய்யும், பெரியவை சிதறடிக்கவும் செய்யும். 100 நானோமீட்டர் கரைசலை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தால் ஊதா. அதையே இருண்ட பின்னணியில் வைத்துப் பக்கவாட்டில் ஒளியடித்தால் கலங்கலான ஆரஞ்சுப் பழுப்பு. ஒரே குப்பிக்கு இரண்டு நிறம். 13 நானோமீட்டர் கரைசல் எந்தப் பக்கம் பார்த்தாலும் தெளிந்த சிவப்பு.

வடிவத்துக்கு வருவோம். இங்கே ஒரு சிறு கணக்கு போடலாம், பயப்பட வேண்டாம். ஓர் உலோகத் துகள் ஒத்ததிர்வுக்கு வரும் நிபந்தனை இது:

ε = −((1 − L)/L) · εₘ

இதில் ε என்பது அந்த அலைநீளத்தில் தங்கத்தின் விடுதிறன் (அதன் மெய்ப்பகுதி), εₘ சூழ்ந்திருக்கும் திரவத்தின் விடுதிறன். விடுதிறன் என்றால், மின்புலம் பட்டால் ஒரு பொருள் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண். L முழுக்க முழுக்க வடிவம் சார்ந்த எண். உருண்டைக்கு L = 1/3. அதைப் போட்டால் ε = −2εₘ என்று சுருங்கும். ஒளியின் அதிர்வெண்ணில் தண்ணீருக்கு εₘ 1.77, ஆக தங்கத்தின் விடுதிறன் −3.5 ஆக இருக்கும் அலைநீளத்தைத் தேட வேண்டும். அளந்து வைத்த அட்டவணையில் அது 515 நானோமீட்டர் அருகே இருக்கிறது. ஆய்வகத்தில் நீங்கள் பார்த்த 520-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். சமன்பாட்டில் ஆரம் எங்கேயும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்போது 10 நானோமீட்டர் தடிமனும் 30 நானோமீட்டர் நீளமும் உள்ள குச்சி வடிவத் துகள். அதன் நீளவாட்டில் எலக்ட்ரான்கள் சாயும்போது மின்னேற்றம் இரண்டு கோடிகளில், தொலைவில் போய்ச் சேருகிறது. இழுவிசை பலவீனம், தாளம் மெதுவு. கணக்கில் இது L குறைவதாக வரும்: 1:3 குச்சிக்கு L ஏறக்குறைய 0.11. நிபந்தனை −14.5 ஆகிறது. சிவப்பை நோக்கிப் போகப் போகத் தங்கத்தின் விடுதிறன் மேலும் மேலும் எதிர்மறையாகும், −14.5 வருவது 670 நானோமீட்டர் பக்கம். குச்சியை 40 நானோமீட்டராக நீட்டுங்கள், L 0.075 ஆகும், உச்சம் 770-க்குத் தாவும். உண்மையான குச்சிகள் கணக்கில் கொள்ளும் நீள்கோளங்கள் அல்ல, முனை உருண்ட உருளைகள். அதனால் அளந்தால் சில பத்து நானோமீட்டர் வித்தியாசம் வரும். ஆனால் போக்கு இதுதான். நீளத்தில் வெறும் 10 நானோமீட்டர் கூட்டியதற்கு உச்சம் 100 நானோமீட்டர் நகர்ந்தது. உருண்டையை 15-லிருந்து 60 நானோமீட்டராக, நான்கு மடங்கு பெரிதாக்கினாலும் அது 20 நானோமீட்டர் போல்தான் நகரும். அளவையும் வடிவத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

குச்சியின் குறுக்குவாட்டிலும் எலக்ட்ரான்கள் அலையும், அது 510–520 பக்கமே இருக்கும். அதனால் குச்சிக் கரைசலின் நிறமாலையில் எப்போதும் இரண்டு உச்சங்கள். நீளவாட்டு உச்சம் 600–700-இல் இருந்தால் சிவப்பு உறிஞ்சப்பட்டுக் கரைசல் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ இருக்கும். அது 800 தாண்டிப் போய்விட்டால் கண்ணுக்கு அது இல்லாததற்குச் சமம். குறுக்குவாட்டு உச்சம் மட்டும் மிஞ்சிக் கரைசல் மறுபடியும் செம்பழுப்பாகத் தெரியும். குச்சி செய்ய முயன்று "சிவப்பாக வந்துவிட்டது, உருண்டைதான் கிடைத்தது" என்று கொட்டிவிடுவதற்கு முன்னால் நிறமாலையை 1000 நானோமீட்டர் வரை ஓட்டிப் பாருங்கள்.

இப்போது உங்கள் நீலக் குப்பி. சிட்ரேட் துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றப் போர்வை போர்த்தியிருக்கின்றன, அதனால் ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. நீங்கள் சேர்த்தது பாஸ்பேட் பஃபர். அது வழக்கமான உப்பு கலந்த பஃபர் என்றால் அதில் சோடியம் குளோரைடு மட்டுமே 137 மில்லிமோலார் இருக்கும். உப்பின் அயனிகள் துகளைச் சூழ்ந்து மின்னேற்றத்தை மறைக்கின்றன. 1 மில்லிமோலார் உப்பில் அந்தத் தள்ளுவிசை 10 நானோமீட்டர் தூரம் எட்டும். 100 மில்லிமோலாரில் அது 1 நானோமீட்டராகச் சுருங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் அணுக்களுக்கிடையேயான வாண்டர் வால்ஸ் ஈர்ப்பு ஜெயித்துவிடுகிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன.

ஒட்டியதும் நிறம் மாறுவதை வடிவத்தின் கதையாகவே பார்க்கலாம். இரண்டு உருண்டைகள் அருகருகே நிற்கின்றன. ஒன்றில் எலக்ட்ரான்கள் வலப்பக்கம் சாய்ந்தால், அடுத்ததன் இடப்பக்கத்தில் இருக்கும் நேர்மின்னேற்றம் அவற்றை இன்னும் முன்னே இழுக்கிறது. திரும்ப இழுக்கும் விசைக்கு எதிராக அண்டை வீட்டுக்காரர் வேலை செய்கிறார். தாளம் மெதுவாகிறது, குச்சியில் ஆனதுபோலவே. இடைவெளி துகளின் விட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் இந்த விளைவு பெயரளவுக்குத்தான், ஓரிரு நானோமீட்டருக்கு வந்தால் மிக வலுவாகிவிடும். திரளில் இரண்டு, மூன்று, பத்து என்று எல்லா விதமான கூட்டமும் இருப்பதால் ஒரே கூர்மையான உச்சம் வராது, 600–700 நானோமீட்டரில் அகலமான மேடு ஒன்று எழும். சிவப்பு விழுங்கப்படுகிறது, நீலம் தெரிகிறது.

மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே தன் மாணிக்கச் சிவப்புத் தங்கக் கரைசலில் உப்பு சேர்த்தால் நீலமாவதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நான் அதைப் படிக்காமல் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். முதல் வருடத்தில், பஃபர் எடுத்த அதே பிப்பெட் முனையால் தங்கக் கரைசலையும் எடுத்தேன். முனையில் ஒட்டியிருந்த துளி கலந்த இடத்தில் ஊதாப் புகைபோல ஒரு கோடு இறங்கியது. நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு "உப்பு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

பெரிதாகவில்லை என்று எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? 13 நானோமீட்டர் துகள் 100 நானோமீட்டராக வேண்டுமானால் 450-க்கும் மேற்பட்ட துகள்கள் உருகி ஒரே உருண்டையாக வேண்டும். அறை வெப்பத்தில், தண்ணீரில், ஓர் இரவில் அது நடக்காது. அப்படியே நடந்தாலும் உச்சம் 570-தான், ஊதா வருமே தவிர நீலம் வராது. அப்புறம், நீங்களே பார்த்த ஒன்றை நினைவுபடுத்துகிறேன். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் ஊற்றியதும் மஞ்சள் மறைந்து, சாம்பல் நீலம் வந்து, பிறகுதான் சிவப்பு வந்திருக்கும். துகள் வளரும்போது நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகிறது, பாடக் குறிப்பு சொல்வதற்கு நேர் எதிராக. அந்த இடைநிலை நீலத்துக்கு என்ன காரணம் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் தனித்தனிப் பெரிய உருண்டைகள் அல்ல என்பது தெளிவு.

சோதித்துப் பார்க்க நிறமாலைமானி போதும். 400-லிருந்து 800 வரை ஓட்டுங்கள். 520 உச்சம் தாழ்ந்து, 650 பக்கம் புதிதாக மேடு எழுந்திருந்தால் திரட்சி. ஒரே உச்சம் கூர்மை குறைந்து 550–570-க்கு நகர்ந்திருந்தால்தான் பெரிய உருண்டைகளைச் சந்தேகிக்க வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். சொட்டு காயும்போதே துகள்கள் நெருங்கி ஒட்டும், நல்ல கரைசலும் படத்தில் திரண்டதுபோலத் தெரியும். கருவி இல்லாவிட்டால் குப்பியை இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். 100 நானோமீட்டர் உருண்டைகளும் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும், ஆனால் குலுக்கினால் அதே ஊதாவோடு மேலே வந்துவிடும். திரண்டவை அடியில் கரும்பொடியாகப் படிந்து, குலுக்கினால் கண்ணுக்குத் தெரியும் துணுக்குகளாகச் சுழலும், மேலே தண்ணீர் நிறமற்று நிற்கும். தண்ணீர் ஊற்றி உப்பை நீர்க்கச் செய்தாலும் சிவப்பு பெரும்பாலும் திரும்பாது.

அடுத்த முறை பஃபர் தேவைப்பட்டால் முதலில் துகளுக்குப் பாதுகாப்பு கொடுங்கள். முனையில் தயோல் உள்ள பாலிஎத்திலீன் கிளைகாலையோ ஆல்புமின் புரதத்தையோ சேர்த்து, அது பரப்பில் ஒட்ட நேரம் விடுங்கள். மின்னேற்றம் மறைக்கப்பட்டாலும் அந்தப் போர்வையின் தடிமனே துகள்களை விலக்கி வைக்கும். அது சரியாக ஒட்டியதா என்று பார்க்க, ஒரு மில்லிலிட்டரைத் தனியே எடுத்து அதில் உப்புக் கரைசலை விடுங்கள். உச்சம் 520-ஐ விட்டு ஓரிரு நானோமீட்டருக்கு மேல் நகராமல், கரைசல் பத்து நிமிடம் கழித்தும் சிவப்பாகவே இருந்தால் மிச்சத்தைப் பஃபருக்கு மாற்றலாம்.